கதை மாறும், பழி மாறாது

நீங்கள் கண்ணால் பார்த்ததை உங்கள் கணவரோ மனைவியோ நடக்கவே இல்லை என்கிறார். காதால் கேட்டதை யாரும் சொல்லவே இல்லை என்கிறார். இப்படியே மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் "எனக்குத்தான் மறதி போலிருக்கு, மன்னிச்சிடுங்க" என்று நீங்களே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டீர்களா? அப்படியானால் இதைப் படித்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக எதற்காக மன்னிப்புக் கேட்டீர்களோ அந்த நிகழ்ச்சியை, உங்களுக்கு நினைவிருக்கிறபடியே ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அவருடைய கதையை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உங்கள் நினைவு கொஞ்சம் மங்குகிறது. ஆறு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால், நீங்கள் எழுதப்போவது அவருடைய கதையைத்தான்.

கேஸ்லைட்டிங் என்று இன்று பலரும் பேசுகிற கொடுமை இதுதான். இதில் அடி இல்லை, தழும்பு இல்லை. அதனால் பட்டவருக்கே இது கொடுமை என்று தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. ஆகவே முதல் கடமை, இதை அடையாளம் காண்பது.

படித்தவர்கள், விவரமானவர்கள் எப்படி இதில் சிக்குகிறார்கள் என்று வெளியிலிருப்பவர்கள் கேட்கிறார்கள். நினைவு வேலை செய்கிற விதமே அப்படிப்பட்டது. நடந்ததை மனம் அப்படியே பதிவுசெய்து பூட்டி வைப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கையில் கிடைக்கும் துண்டுகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறது. பிறர் சொல்லும் சொல்லும் அந்தக் கட்டுமானத்துக்குள் நுழைந்துவிடும். 1974-இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். கார்கள் 'மோதிக்கொண்டபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் வகைக் கேள்வியைக் கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கியபோது' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

முன்பின் அறியாதவர் ஒரே ஒரு முறை சொன்ன ஒரு சொல்லுக்கே இவ்வளவு வலிமை என்றால், நீங்கள் நம்பி வாழ்கிற ஒருவர், அதே வீட்டில், அதே கட்டிலில், வருடக்கணக்காக மாற்றிச் சொல்லும்போது என்ன ஆகும்? உங்கள் நினைவு ஆட்டம் காண்பது உங்கள் முட்டாள்தனத்துக்கு அடையாளம் இல்லை. நம்பிக்கை வைத்த எந்த மனத்துக்கும் அதுதான் நேரும். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்துவதால்தான் இது அநியாயம் ஆகிறது.

பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் நடந்ததாக வைத்துச் சொல்கிறேன். எப்படி அடி அடியாக இது நகர்கிறது என்று பாருங்கள்.

மனைவி பள்ளி ஆசிரியை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் நண்பரோடு சேர்ந்து கடை வைக்க முன்பணம் வேண்டும் என்கிறார். அவளுடைய 8 பவுன் ஆரத்தை வங்கியில் அடகு வைத்து, ஆடிக்குள் மீட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிப் போகிறார். ஆவணியில் தம்பி கல்யாணம். ஆடி முடியும்போது அவள் கேட்கிறாள்: "ஏங்க, ஆரத்தை மீட்டாச்சா?" அவர் சொல்கிறார்: "ஆடின்னு எப்ப சொன்னேன்? தீபாவளிக்குன்னுதானே சொன்னேன்." மாற்றம் சின்னதுதான். தன் காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று விட்டுவிடுகிறாள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மறுபடி கேட்கிறாள். இப்போது கதை வேறு. "அடகுன்னு யாரு சொன்னா? வித்துப் பணத்தைப் போடலாம்னு நீதானே சொன்னே?" அவள் திகைத்துப் போய் மறுக்கிறாள். உடனே பேச்சு ஆரத்தை விட்டு அவளுடைய மூளைக்கு வந்துவிடுகிறது. "போன வாரம் கேஸை நிறுத்திட்டேன்னு சொன்னே, நிறுத்தவே இல்லை. பையன் ஃபீஸ் ரசீதை எங்கயோ வெச்சிட்டு வீடு முழுக்கத் தேடினே. உன் ஞாபக சக்தியை வெச்சுக்கிட்டு என்னைப் பொய்யனாக்கறியா?" கேஸும் ரசீதும் உண்மையாகவே நடந்தவை. அதனால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள். நிஜமான இரண்டு சின்ன மறதிகளைக் காட்டி, நடக்காத ஒரு பெரிய விஷயத்தை அவள் தலையில் கட்டுகிறார்.

அன்றிரவே அவர் தன் அம்மாவிடம் போனில் பேசுகிறார்: "அவளுக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்லைம்மா." அடுத்த முறை மாமியார் வரும்போது, "உடம்பைப் பார்த்துக்கோம்மா, ரொம்ப மறக்கறியாமே" என்று அன்போடு கேட்கிறார். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் இப்போது சாட்சி இரண்டாகிவிட்டது. மனைவி கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்க்க ஆரம்பிக்கிறாள். ஒரு நாள் இரவு தானே போய், "நான்தான் மறந்திருப்பேன், விடுங்க" என்கிறாள்.

பிறகு ஒரு நாள் பீரோவில் துணிக்கு அடியில் வங்கியின் நகைக்கடன் ரசீது கிடைக்கிறது. மாசி மாதத் தேதி. அவர் பெயர். 8 பவுன் ஆரம். விற்கவே இல்லை, அடகில்தான் இருக்கிறது. ரசீதை நீட்டுகிறாள். அவர் தலைகுனியவில்லை. "என் சாமானை எதுக்குக் குடையறே? உன்கிட்ட உண்மையைச் சொன்னா ஊரைக் கூட்டுவேன்னு தெரிஞ்சுதான் வித்தாச்சுன்னு சொன்னேன். என்னைப் பொய் சொல்ல வெச்சதே நீதான்."

இந்த ஒரு ஆரத்துக்கு எத்தனை கதை என்று எண்ணிப் பாருங்கள். ஆடிக்கு மீட்பேன் என்றது ஒன்று. தீபாவளிக்கு என்றது இன்னொன்று. விற்கச் சொன்னாய் என்றது மூன்றாவது. பொய் சொல்ல வைத்தாய் என்றது நான்காவது. கதை ஒவ்வொரு முறையும் மாறியது. ஆடி தவறியபின் வந்த எல்லாக் கதையிலும் பழி மட்டும் அவளிடமே நின்றது. இதுதான் அடையாளம். உங்கள் வீட்டு விஷயத்தையும் இப்படி வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கணவன் மனைவிக்குள் நினைவு மாறுபடுவது இயல்பு. ஒரு சண்டையில் யாரோ ஒருவர் மாற்றிச் சொன்னார் என்பதற்காக இந்தக் கடுமையான பெயரை அவர் மேல் ஒட்டாதீர்கள். அதுவும் அநியாயம். மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொண்டு, மூன்றுக்கும் பதில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

முதல் கேள்வி: மறதியால் யாருக்கு லாபம்? உண்மையான மறதிக்குக் கட்சி கிடையாது. அவர் மறந்ததால் சில நேரம் அவருக்கே நஷ்டம் வரும், சில நேரம் உங்களுக்கு வரும். பணம், வாக்குறுதி, கைநீட்டியது, இன்னொருவரோடு பேசியது என்று அவருக்குச் சங்கடமான விஷயங்களில் மட்டும் நினைவு வேறுபட்டு, ஒவ்வொரு தடவையும் அவர் தப்பித்து நீங்கள் மாட்டிக்கொண்டால் அதை மறதி என்று நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: சான்று கையில் வந்தால் என்ன செய்கிறார்? நேர்மையாக மறந்தவர் ரசீதைப் பார்த்ததும் "அட, ஆமாம்" என்பார். வெட்கப்படுவார், சிலர் கொஞ்சம் முனகுவார்கள், அத்தோடு விஷயம் முடியும். நினைவைத் திருத்தி எழுதுகிறவருக்குச் சான்றைப் பார்த்ததும் கோபம்தான் வரும். எதற்குத் தேடினாய், யார் சொல்லிக் கொடுத்தார்கள், என்னை நம்பாமல் வேவு பார்க்கிறாயா என்று கேட்டு, குற்றம் செய்த தானே பாதிக்கப்பட்டவராக ஆகிவிடுவார். மறுப்பது, மறுத்தவுடன் தாக்குவது, பிறகு இடத்தை மாற்றிக்கொள்வது என்ற இந்த மூன்று படிகளைத் தவறிழைத்தவர்களின் பொதுவான போக்காக ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலார் 1990-களிலேயே எடுத்துக் காட்டினார். இதை ஒரு முறை தெரிந்துகொண்டால் அடுத்த முறை நடக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: உங்கள் ஞாபகம் எங்கே தவறுகிறது? மேலே சொன்ன ஆசிரியை, ஐந்து வகுப்புகளின் கால அட்டவணையைத் தாளைப் பார்க்காமல் சொல்வாள். எந்த மாணவன் எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று சொல்வாள். சீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய் தவறமாட்டாள். கணவர் முன்னால் மட்டும் அவளுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. நோயால் வரும் மறதி ஆள் பார்த்து வருவதில்லை. அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் தெளிவாக இருக்கும் மனம் ஒரே ஒருவர் முன்னால் மட்டும் குழம்பினால், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

எல்லா இடத்திலும் ஞாபகம் தவறுகிறது என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, பிரசவத்துக்குப் பின் தூக்கமின்மை, மனச்சோர்வு என்று குணப்படுத்தக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. மறுபக்கமும் அப்படியே. அதிகம் குடித்தவருக்கு அந்த இரவு உண்மையிலேயே நினைவில் பதியாமல் போயிருக்கலாம். வயதான துணைக்கு மறதி நோய் தொடங்கியிருக்கலாம். ஆனால் குடித்ததால் நினைவில்லாதவர் "எனக்கு ஞாபகமில்லை, நீ சொல்" என்றுதான் சொல்ல வேண்டும். "நடக்கவே இல்லை" என்று சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

மூன்று கேள்விக்கும் பதில் ஒரே பக்கம் போகிறதா? இனி செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

அவரோடு வாதாடுவதை நிறுத்துங்கள். உங்களுக்கு நினைவிருப்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் போராடும்வரை, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவரையே உட்கார வைக்கிறீர்கள். "எனக்கு இப்படித்தான் நினைவிருக்கு. இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். கை ஓங்குகிற ஆள் என்றால் இதையும் சொல்லாதீர்கள். அங்கே உங்கள் உயிர்தான் முதலில்.

அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன வார்த்தை. இவ்வளவு போதும். 'கொடுமைக்காரர்', 'சகிக்க முடியவில்லை' என்பதையெல்லாம் அதில் சேர்க்காதீர்கள். பின்னால் உங்களுக்கே சந்தேகம் வரும்போது, வார்த்தைக்கு வார்த்தை எழுதிய குறிப்புதான் கை கொடுக்கும். நீங்கள் செய்த தவறையும் ஒளிக்காமல் எழுதுங்கள். உங்களுக்கு எதிரானதையும் எழுதிய குறிப்பைத்தான் நீங்களும் பிறரும் நம்ப முடியும்.

அதை எங்கே வைக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். வீட்டில் கிடைக்கும்படி வைத்தால் அது காணாமல் போகும், இல்லையென்றால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும். வேலை செய்யும் இடத்திலோ நம்பிக்கையான தோழி வீட்டிலோ வையுங்கள். அல்லது ஒவ்வொரு நாளும் அந்தத் தோழிக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிட்டு, உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள். அனுப்பிய நேரம் தானாகப் பதிவாகிவிடும். அதற்கு முன், உங்கள் மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வேறு கருவியில் திறந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் துணை அனுப்பிய செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைக்கும் அவரால் இரு பக்கமும் அழிக்க முடியும். முக்கியமானதைப் பார்த்தவுடன் படம் எடுத்து வையுங்கள். இந்தக் குறிப்பை அவரிடம் மட்டும் ஒருபோதும் காட்டாதீர்கள். முதலில் அது உங்களுக்காக.

ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். 1944-இல் ஜார்ஜ் குகோர் இயக்கி இங்கிரிட் பெர்க்மன் நடித்த 'கேஸ்லைட்' படத்தில், வீட்டு எரிவாயு விளக்கு இரவுதோறும் மங்குவதை மனைவி மட்டுமே பார்க்கிறாள். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நம்பவைக்கப்படுகிறாள். வெளியிலிருந்து வந்த ஒரு காவல் அதிகாரி விளக்கு மங்குவதைத் தானும் பார்த்ததாகச் சொல்லும் கணத்தில்தான் அவள் அந்தப் பிடியிலிருந்து விடுபடத் தொடங்குகிறாள். அந்தக் கணத்தில் அவர் பெரிதாக எதையும் செய்யவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்றார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். "அம்மாகிட்ட சொல்லாதே, வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்று உங்கள் துணை அடிக்கடி சொல்கிறார் என்றால், அந்த ஒருவர் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

பெற்றோரே, அண்ணன் தம்பிகளே, மகளோ தங்கையோ போன் செய்து, "எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை, எல்லாத்தையும் மறக்கறேன்" என்று சொன்னால் சிரித்து அனுப்பாதீர்கள். "சின்னச் சின்ன விஷயத்தை ஊதாதே, அனுசரிச்சுப் போ" என்று சொல்லாதீர்கள். "என்ன நடந்தது? முதல்லேர்ந்து சொல்லு" என்று கேளுங்கள். இடையில் உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே பலர் கைவைத்த நினைவு அது. அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாப்பிள்ளை உங்களிடம் தனியாக வந்து அவளுடைய மறதியைப் பற்றிக் கவலைப்பட்டால், அதே கேள்வியை அவளிடமும் தனியாகக் கேட்காமல் எதையும் நம்பாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கதை பல இடங்களில் மனநல மருத்துவமனையில் போய் முடிகிறது. "டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போய், பேச்சு முழுவதையும் அவரே பேசி, மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்வார். பின்னால் விவாகரத்திலோ குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கிலோ அது வெளியே வரும். நீங்கள் போகும்போது மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதேசமயம் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து உதவி கேட்காமலும் இருக்காதீர்கள். ஒருவர் முன்பு மனநலச் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து அவருக்கு இப்போது மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மனநோய் இருப்பதே சித்த சுவாதீனம் இல்லை என்பதாகாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தூக்கம் கெட்டு மனம் பதறினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். ஆண்களுக்கும் அது உண்டு. மனைவியிடம் இதே கொடுமைக்கு ஆளாகி வெளியே சொல்ல வெட்கப்படும் ஆண்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று கேள்வியும், எழுதி வைப்பதும், ஒருவரிடம் சொல்வதும் அவர்களுக்கும் பொருந்தும்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சொல்லாலும் உணர்வாலும் செய்யும் கொடுமையும் அதில் அடங்கும். மனைவியின் சீதன நகையைக் கைமாற்றுவது பொருளாதார வன்முறையில் வரும், அதைத் திருப்பித் தரச் சொல்லி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். அந்த 8 பவுன் ஆரத்துக்கு இதுதான் வழி. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசினால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் வழி காட்டுவார்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது கேட்கும் முதல் கேள்வி, என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதுதான். அதற்குப் பதில் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கதையை மாற்றுகிறவருக்கு. இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டு ஆரமோ, வாக்குறுதியோ, ஓங்கிய கையோ உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, உங்களை நம்பி வந்தவரின் புத்தியை அவரே சந்தேகிக்கும்படி செய்திருக்கிறீர்கள். பொய் சொன்னது ஒரு தவறு, உண்மையை அறியும் திறனையே இன்னொருவரிடமிருந்து பறித்தது அதைவிடப் பெரிய தவறு. பரிசு வாங்கிக் கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. அவரிடம் போய், "நான் அப்படிச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கறது சரி. மாத்திச் சொன்னது நான்தான்" என்று சொல்லுங்கள். எந்த நாளில், எந்த விஷயத்தில் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடமும் நண்பர்களிடமும் அவருடைய மறதியைப் பற்றிச் சொல்லியிருந்தால், அவர்களிடமும் போய் அது பொய் என்று திருத்துங்கள். அவர் மன்னிப்பாரா, உங்களோடு தொடர்ந்து வாழ்வாரா என்பதை இனி அவர்தான் முடிவு செய்வார். அந்த முடிவு எதுவானாலும் அதை மறுபடி மாற்றிச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.